அட்டையை மாற்றிய பிறகும் மாதக் கட்டணம் பிடிக்கப்படுகிறது. வங்கி மூலம் நிறுத்த வழி உண்டா?

லயத்துக்காரி, சுங்கை சிப்புட் (மே 16)

பையனுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி என்று கைப்பேசியில் ஒரு செயலி. 7 நாள் சோதனைக்கு 1 வெள்ளிதான் என்றார்கள். பிப்ரவரி 4ஆம் தேதி என் விசா டெபிட் அட்டை எண்ணைக் கொடுத்தேன். 11ஆம் தேதி 89 வெள்ளி 90 காசு போனது. மார்ச் 11இலும் அதே தொகை.

விலகலாம் என்று பார்த்தால் செயலியில் அதற்கான பொத்தானே இல்லை. உதவிப் பக்கம் ஒரு வெளிநாட்டுத் தொலைபேசி எண்ணைக் காட்டுகிறது. அழைத்தால் இருபது நிமிடம் இசை, பிறகு தானே துண்டிக்கிறது. மார்ச் 14ஆம் தேதி மின்னஞ்சல் அனுப்பினேன். “உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது, இடையில் பாதிக் கட்டணத்தில் தொடரலாமே” என்று பதில் வந்தது. ஏப்ரல் 11இலும் முழுத் தொகை பிடித்தார்கள்.

பட்டணத்து வங்கிக் கிளையில் கேட்டேன். “நீங்களே அனுமதி கொடுத்தது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது, அட்டையை மாற்றுங்கள்” என்றார்கள். ஏப்ரல் 20இல் 12 வெள்ளி கட்டிப் புது அட்டை வாங்கினேன். மே 11ஆம் தேதி அந்தப் புது அட்டையிலிருந்தும் பணம் போய்விட்டது! புது எண்ணை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. என் கணவருக்குச் செம்பனை ஆலையில் வேலை. சம்பளம் விழும் கணக்கு இது, கணக்கையே மூட முடியாது. என்ன செய்வது?

மணியம் பூச்சோங்

சகோதரி, எனக்கும் இதே தொல்லைதான். ப்ரீபெய்டில் தினமும் 50 காசு போய்க்கொண்டிருந்தது. குறுஞ்செய்தி வந்த அந்த ஐந்து இலக்க எண்ணுக்கு STOP ALL என்று அனுப்பினேன், நின்றுவிட்டது. நீங்களும் அனுப்பிப் பாருங்கள்.

லயத்துக்காரி

ஐயா, இது தொலைபேசிக் கட்டணம் இல்லை, வங்கி அட்டை.

கம்பார் குமரன்

அக்கா, எளிய வழி இருக்கிறது. வங்கிக்கு அழைத்து “இந்தக் கட்டணம் நான் செய்ததே இல்லை, மோசடி” என்று சொல்லுங்கள். உடனே அட்டையை முடக்கிப் பணத்தையும் திருப்பித் தருவார்கள். என் நண்பனுக்கு அப்படித்தான் நடந்தது.

ஓய்வுபெற்ற மேசைக்காரர்

குமரன் தம்பி சொல்வதில் வங்கியைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் சரி. மோசடி என்று சொன்னால் வழக்கு தோற்கும். பிப்ரவரி 4ஆம் தேதி அவர் கைப்பேசிக்கு வந்த குறியீட்டை அவரே அடித்திருப்பார். நிறுவனம் அந்தப் பதிவை எடுத்துக் காட்டினால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். உண்மையான காரணமே போதும், அது வலுவாகவும் இருக்கிறது: அனுமதி கொடுத்தேன், பிறகு திரும்பப் பெற்றேன், அதற்குப் பிறகும் பிடித்தார்கள்.

கோலாலம்பூரில் ஒரு வங்கியின் அட்டைப் பிரிவில் ஒன்பது ஆண்டு இருந்தேன். புது அட்டைக்கும் கட்டணம் பின்தொடர்வது மந்திரமில்லை. விசாவும் மாஸ்டர்கார்டும் பழைய எண்ணுக்குப் பதில் வந்த புது எண்ணை, மாதாமாதம் பிடிக்கும் வணிகர்களுக்குத் தாமே தெரிவிக்கும் சேவை நடத்துகின்றன. மின்கட்டணம், காப்புறுதி போன்றவை அட்டை மாறியதும் அறுந்துபோகக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு. வங்கி அதில் சேர்ந்திருந்தால் நல்லவனுக்கும் எண் போகும், இவர்களுக்கும் போகும். அதனால்தான் அட்டையை மாற்றச் சொல்வதை நான் அரை வைத்தியம் என்பேன்.

கிளை முகப்பில் இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது. அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கு அழைத்து அட்டைப் பிரிவைக் கேளுங்கள். இரண்டு வேலைகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். முதலாவது, இந்த வணிகரின் தொடர் கட்டணத்துக்கு ‘ஸ்டாப் பேமெண்ட்’ போடுவது. அது அடுத்த மாதத்தைத் தடுக்கும், போன பணத்தைத் தராது. இரண்டாவது, ரத்துசெய்த பின் பிடித்த தொகைகளுக்கு ‘டிஸ்பியூட்’ பதிவது. ஒன்றைக் கேட்டால் மற்றதும் சேர்ந்து நடக்கும் என்று நினைக்காதீர்கள்.

ஒன்று சொல்லுங்கள்: கணக்கு அறிக்கையில் அவர்கள் பெயர் எப்படி வந்திருக்கிறது? நான்கு மாதமும் ஒரே பெயரா?

லயத்துக்காரி

இப்போதுதான் அச்சடித்துப் பார்த்தேன். பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் செயலியின் பெயர். மே மாதம் மட்டும் ஏதோ வேறு எழுத்துகள், பின்னால் ஒரு வெளிநாட்டு ஊர்ப் பெயர். தொகை மட்டும் அதே 89.90.

ஓய்வுபெற்ற மேசைக்காரர்

நினைத்தேன். தடை, வணிகரை அடையாளம் கண்டுதான் வேலை செய்யும். பழைய பெயருக்கு மட்டும் போட்டால் புதுப் பெயரில் வருவது நழுவிப் போகலாம். அறிக்கையில் உள்ள இரண்டு பெயர்களையும் எழுத்துக்கு எழுத்து படித்துக் காட்டி, இரண்டுக்கும் போடச் சொல்லுங்கள். அந்த அதிகாரியின் பெயரையும் புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு வருவோம். உங்கள் ஆயுதம் மார்ச் 14 மின்னஞ்சல். அதற்குப் பின் பிடித்தவை ஏப்ரல், மே, ஆக 179 வெள்ளி 80 காசு. “பரிசீலனையில் உள்ளது” என்ற அவர்கள் பதிலையும் இணையுங்கள், கோரிக்கை போய்ச் சேர்ந்ததற்கு அவர்களே கொடுத்த சாட்சி அது. பொத்தான் இல்லாத உதவிப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள், நாளைக்கே மாற்றிவிடலாம். சோதனைக் காலம் காட்டிச் சந்தா சேர்க்கும் வணிகர், விலகுவதற்கு இணையத்திலேயே எளிய வழி வைக்க வேண்டும், கட்டணம் தொடங்கும் முன் நினைவூட்டவும் வேண்டும் என்பது 2020 ஏப்ரல் முதல் விசாவின் விதி.

இவ்வகை வழக்குக்கு விசா தரும் அவகாசம் பொதுவாக 120 நாள். ஏப்ரல் 11 கட்டணத்துக்கு அது ஆகஸ்ட் 9ஆம் தேதியோடு முடியும். வங்கி தன் விதிமுறையில் இன்னும் குறைவாகப் போட்டிருக்கலாம், ஆகவே இந்த வாரமே செய்யுங்கள்.

கம்பார் குமரன்

வங்கியின் செயலியில் இணையக் கட்டணத்தை அணைக்கும் பொத்தான் இருக்கிறதே, ஐயா? அதை அணைத்தால் போதாதா?

ஓய்வுபெற்ற மேசைக்காரர்

சில வங்கிகளில் அது இதையும் தடுக்கும். ஆனால் அந்த அட்டையில் போகும் மற்ற எல்லாமும் நிற்கும். அவசரத்துக்கு இரண்டு நாள் பயன்படுத்தலாம்.

சிரம்பான் வசந்தா

பிப்ரவரி, மார்ச் பணத்தையும் கேட்கலாம் என்கிறேன். நினைவூட்டலே வரவில்லையே. எனக்கு ஒரு அழகுசாதனப் பெட்டிக்கு முழுவதும் திரும்பக் கிடைத்தது.

ஓய்வுபெற்ற மேசைக்காரர்

கேட்கலாம், ஆனால் தனி வழக்காக. இதனோடு கலந்தால் ரத்துத் தேதிக்கு முந்தையதைக் காட்டி மொத்தத்தையும் இழுத்தடிப்பார்கள். உங்கள் வங்கி அப்படிக் கொடுத்தது, இவருடையது கொடுக்குமா என்பதற்கு நான் உறுதி தர மாட்டேன்.

இன்னொன்று, வாசிக்கும் எல்லோருக்கும். இந்தச் செயலிக்குக் குறைந்தபட்சக் காலம் என்று எதுவும் இல்லை. உடற்பயிற்சிக் கூடம் போல ஓர் ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், வங்கி கட்டணத்தைத் தடுத்தாலும் ஒப்பந்தம் அப்படியே இருக்கும். கடன் என்று துரத்துவார்கள்.

லயத்துக்காரி (ஜூன் 12)

நடந்ததைச் சொல்கிறேன். முதல் அழைப்பில் “அப்படி ஒன்று எங்களிடம் இல்லை” என்றார்கள். மறுநாள் மீண்டும் அழைத்தேன். வேறொரு பெண் எடுத்தார், “மேலாளரிடம் கேட்கிறேன்” என்று பத்து நிமிடம் காக்க வைத்து, இரண்டு பெயர்களுக்கும் தடை போட்டுக் கொடுத்தார். நேற்று ஜூன் 11. காலை 6.12க்கு 89.90 மறுக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி. 9.40க்கு 44.95, அதுவும் மறுக்கப்பட்டது. பாதிக் கட்டணச் சலுகையை எனக்குக் கேட்காமலே கொடுத்துவிட்டார்கள்!

179.80 இன்னும் வரவில்லை, விசாரணை நடக்கிறதாம். படிவத்தில் ‘ரத்து எண்’ என்று ஒரு கட்டம் இருந்தது. நிறுவனம் எனக்கு எந்த எண்ணும் தரவில்லை. வெறுமையாக விட்டேன், சரியா?

ஓய்வுபெற்ற மேசைக்காரர்

வெறுமையாக விடக் கூடாது, அம்மா. முழுமையற்ற படிவம் என்று திருப்பிவிடுவார்கள். “தரப்படவில்லை, மார்ச் 14 மின்னஞ்சல் இணைப்பில்” என்று புகார் எண்ணைக் குறிப்பிட்டு இன்றே எழுதி அனுப்புங்கள். வங்கி இறுதியாக மறுத்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு, வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஒம்பட்ஸ்மன் சேவைக்குப் போகலாம்.

மணியம் பூச்சோங்

STOP ALL அனுப்பினீர்களா?