மினி சுமோ ரோபோ: விளிம்பில் தள்ளும்போது பின்வாங்குகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஹட்டனில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுடன், எதிராளி ரோபோவைப் பலகையிலிருந்து வெளியே தள்ளும் 500 கிராம் மினி சுமோ ரோபோ செய்கிறோம். தச்சர் வெட்டித் தந்த 77 செ.மீ. வட்டப் பலகைக்குக் கறுப்பு அடித்து, 2.5 செ.மீ. வெள்ளை விளிம்பு போட்டோம். சுழன்று தேடுவதும், கண்டதும் நேராகப் பாய்வதும் சரியாக நடக்கின்றன.

சிக்கல் கடைசி நொடியில். முன் ஆப்புக்கு 2 செ.மீ. பின்னால்தான் விளிம்பு சென்சர்கள். எதிராளியின் சக்கரம் இன்னும் பலகையில் இருக்கும்போதே அவை வெள்ளையைப் பார்த்துவிடுகின்றன. உடனே நம்ம ரோபோ பின்வாங்க, எதிராளி தப்பிவிடுகிறது.

தாக்கும்போது விளிம்பைக் கவனிக்காமல் விடவும் பயம். எதிராளி சட்டென விலகினால் நாமே விழுவோம். அதனால், தொடுகை இருந்தால் மட்டும் வெள்ளையைக் கண்ட பிறகும் 100 மில்லிசெக்கன் தள்ளலாம் என்று யோசிக்கிறேன். வெறுமனே ஓடும் வேகம் செக்கனுக்கு 40 செ.மீ., ஆகவே அதிகபட்சம் 4 செ.மீ. நகரும். சக்கரங்கள் சென்சருக்கு 6 செ.மீ. பின்னால் இருப்பதால், வெள்ளை விளிம்பின் அகலத்தைச் சேர்க்காமலே பிரேக் போட 2 செ.மீ. மிஞ்சும்.

ஆனால் தொடுகையை எப்படி உறுதி செய்வது? அல்ட்ராசோனிக் சென்சர் 2 செ.மீ.க்குள் வந்தால் கண்டபடி எண் காட்டுகிறது. எதிராளியின் சரிவான முகமும் ஒலியை மேலே திருப்பிவிடுகிறது. ஆப்பைக் கீலில் தொங்கவிட்டு, பின்னால் மைக்ரோ சுவிட்ச் வைத்தால் மோதலில் தாங்குமா? இல்லை, கிட்டத் தூர இன்ஃப்ராரெட் சென்சர்தான் நல்லதா? செய்து பார்த்தவர்கள் பொருத்திய படத்தோடு சொன்னால் பெரிய உதவி.