336 பக்கங்களுக்கு எத்தனை 3 வேண்டும்? பக்க எண் போட்டவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

செந்தூல் வாசகி: எங்கள் கோயிலின் பழைய கூட்டக் குறிப்பேட்டுக்குப் பக்க எண் ஒட்டும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. மொத்தம் 336 பக்கங்கள். கடையில் பார்த்த ஒட்டு எண் அட்டையில் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் பத்துப் பத்து உள்ளன. எத்தனை அட்டை வாங்கலாம்? நிறைய 3 தேவைப்படும் என்று தோன்றுகிறது.

கெப்போங் தம்பி: அக்கா, கல்லூரி நூலகத்தில் இதே வேலையைச் செய்திருக்கிறேன். ஓரிலக்கப் பக்கங்களுக்கு 9, ஈரிலக்கத்துக்கு 180, மூவிலக்கத்துக்கு 711, ஆக 900 எண்கள். ஓர் அட்டையில் நூறு இருப்பதால் ஒன்பது அட்டை போதும். 3 வரும் பக்கங்கள் 94.

பினாங்கு ஆசிரியை: தம்பி, 900 சரி. ஆனால் ஒன்பது அட்டையில் 3 தொண்ணூறுதான் கிடைக்கும். மேலும், 94 என்பது 3 உள்ள பக்கங்களின் எண்ணிக்கை. 33ஆம் பக்கத்துக்கு இரண்டும் 333ஆம் பக்கத்துக்கு மூன்றும் ஒட்ட வேண்டுமே! என் மாணவர்களும் இங்கேதான் தடுமாறுவார்கள். இடத்தைப் பிரித்து எண்ணச் சொல்வேன். ஒன்றாம் இடத்தில் 3, 13, 23 என்று 333 வரை 34 முறை. பத்தாம் இடத்தில் 30களில் பத்து, 130களில் பத்து, 230களில் பத்து, 330 முதல் 336 வரை ஏழு, ஆக 37. நூறாம் இடத்தில் 300 முதல் 336 வரை இன்னொரு 37. கூட்டினால் 108.

அம்மா, நீங்கள் அஞ்ச வேண்டியது 3க்காக அல்ல. நூறாம் இடத்தில் 1 நூறு முறையும் 2 நூறு முறையும் வருகின்றன. இதே முறையில் எண்ணினால் இரண்டுக்கும் தலா 174 வேண்டும். அதனால் பதினெட்டு அட்டை. மற்ற எண்கள் ஏராளமாக மிஞ்சும். தனி எண்ணாக விற்கும் கடை கிடைத்தால் அங்கே வாங்குங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் பெரியவர்: நான் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன். நாங்கள் முழுப் புத்தகத்துக்கும் எண்ணியதே இல்லை. பதினாறு பக்கம் ஒரு பாரம். அச்சானதும் எழுத்துகளைப் பிரித்து மறுபடி அறைகளில் போட்டுவிடுவோம். 321 முதல் 336 வரையிலான பாரத்துக்கு 3 இருபத்தைந்து போதும். ஒட்டு எண்ணை அப்படித் திரும்ப எடுக்க முடியாது, உண்மைதான். ரப்பர் எண் முத்திரை வாங்கலாமே, மகளே?

செந்தூல் வாசகி: தாள்கள் மிகவும் மெலிந்தவை ஐயா, மை மறுபக்கம் ஊறிவிடும். டீச்சர், ஆண்டுகளுக்கு இடையே வெற்றுப் பக்கங்களும் உள்ளன.

பினாங்கு ஆசிரியை: அவற்றையும் சேர்த்துத்தானே 336? எண் ஒட்டாமல் விட்டாலும் கணக்கில் சேர்த்தால், அந்தப் பக்கங்களின் 3களை மட்டும் 108இலிருந்து கழியுங்கள். கணக்கிலேயே சேர்க்காவிட்டால் கடைசி எண் மாறும். முதலிலிருந்து எண்ண வேண்டும்.

செந்தூல் வாசகி: அதை நிர்வாகக் குழுதான் முடிவு செய்ய வேண்டும். செயலாளர் ஒட்டச் சொல்கிறார், தலைவர் வேண்டாம் என்கிறார்.