வரைவு ஏஐ தந்தது, வாதம் என்னுடையதாக வேண்டும்: திருத்த உதவுங்கள்

வணக்கம். முதுகலைத் தமிழ்ப் பருவக் கட்டுரைக்கு முதல் வரைவில் ஏஐ உதவி பெறலாம், எங்கே பயன்படுத்தினோம் என்று குறிப்பிட வேண்டும் என்பது எங்கள் துறை விதி. என் தலைப்பு சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரையை எரிக்கும் பகுதி.

வரைவு அதைக் 'கட்டுக்கடங்காத சினம்' என்றது. வஞ்சின மாலையை மறுபடி படித்தேன். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி இவர்களை விட்டுத் தீயவர் பக்கமே சேர் என்று தீக்கடவுளிடம் கண்ணகி சொல்கிறாள். யாரைத் தொடக் கூடாது என்று வகைப்படுத்தும் கோபம் எப்படிக் கட்டுக்கடங்காததாகும்? இதுதான் என் வாதம்.

அப்புறம் ஒவ்வொரு பத்தியிலும் 'எந்த அடியை வைத்து இதைச் சொல்கிறேன்?' என்று கேட்டு, பதில் இல்லாதவற்றை நீக்கினேன். மீதியை வரைவைப் பார்க்காமல் என் சொற்களில் எழுதினேன். ஆனாலும் அறிமுகம், குறியீடு, பெண்ணியம், முடிவு என்ற வரிசை வரைவினுடையதாகவே நிற்கிறது. என் வாதமோ மூன்றாம் பத்தியில்தான் தலைகாட்டுகிறது.

அந்த அடிகளிலிருந்தே தொடங்கிப் புதிதாக அடுக்கலாமா? யோசனை என்னுடையது, முதல் வரைவு கருவியுடையது என்பதைக் குறிப்பில் எப்படி எழுதுவது? இப்படித் திருத்தியவர்கள் சொல்லுங்களேன்.