புதுப்பிப்பு: இரட்டைப் பிளவில் 651 வந்ததற்குக் காரணம்

கேட்டிருந்தது: "ஹீலியம்-நியான் லேசர், நேர்கோட்டு ஃபிட் அருமையா வருது. ஆனா λ 632.8-க்குப் பதிலா 651 நா.மீ. ஏன்?"

கோளாறு ஃபிட்டில் இல்லை, இரு பிளவுகளின் மையத் தூரமான d-யில்தான். 11 பட்டைகளின் இடத்தைப் பட்டை எண்ணுக்கு எதிராக வரைந்ததில் சரிவு s = 5.21 ± 0.02 மி.மீ., திரைத் தூரம் L = 2.000 ± 0.005 மீ. பிளவுத் தகட்டில் அச்சிட்ட 0.25 மி.மீ.-ஐ அப்படியே போட்டதால்தான் 651.

இன்னும் பட்டைகளை எடுக்கச் சொன்ன நண்பர் சொன்னது பாதி சரி: சரிவின் பிழை குறையும், d-யின் பிழை அசையாது. ஒரு பட்டை மறைந்து எண்ணிக்கை பிசகியதா என்று அக்கா கேட்டார். பிசகியிருந்தால், நேர்கோட்டிலிருந்து புள்ளிகள் விலகும் அளவான எச்சங்களில் அந்த இடத்தில் ஒரு தாவல் தெரியும், இங்கே 0.2 மி.மீ. அளவில் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கின்றன.

பெங்களூரு லேபில் நகரும் நுண்ணோக்கியில் சார் சொன்னபடி அளந்தோம். திருகை ஒரே திசையில் மட்டும் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் திருகின் தளர்வு அளவில் ஏறிவிடும். இடது விளிம்பிலிருந்து இடது விளிம்புக்கு 0.240, வலதிலிருந்து வலதுக்கு 0.246. மையத் தூரம் இரண்டின் சராசரி: 0.243 ± 0.003.

```
λ = s·d/L = 5.21e-3 × 0.243e-3 / 2.000 = 633 nm
δ = √(0.38² + 1.23² + 0.25²) ≈ 1.3 %
```

ஆக 633 ± 8 நா.மீ. பிழையில் பெரும்பங்கு d-யுடையது. அந்த 0.006 வித்தியாசம் பிளவுகளின் அகலம் சமமில்லாததாலா, விளிம்பு மங்கலாகத் தெரிவதாலா என்பது இன்னும் தீரவில்லை.