பிரிடேட்டரி பிரைசிங்: ஒழிப்புவிலையா, வேட்டைவிலையா?

கோமதி, செம்பூர்:
அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். வணிகவியல் சொற்பட்டியலில் 'பிரிடேட்டரி பிரைசிங்' இன்னும் முடிவாகவில்லை. 'பிரைஸ் வார்' என்பதற்கு 'விலைப்போர்' என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. 'கொள்ளைவிலை' என்ற பரிந்துரை, வாங்குபவரிடம் அதிகமாகப் பறிப்பதையே நினைவூட்டுவதால் அதை ஏற்க இயலாது. போட்டியாளரை ஒழிப்பதற்காகக் குறைக்கப்படும் விலை என்பதால், 'ஒழிப்புவிலை' என்று முன்மொழிகிறேன்.

இளங்கோ, முலுண்டு:
அடக்கவிலைக்குக் கீழே விற்பதுதானே பொருள்? 'நட்டவிலை' என்றாலே போதுமே.

சுந்தரேசன், மாட்டுங்கா:
எங்கள் கடையில் இட்லி மாவு மாலைக்குள் விற்காவிட்டால், மிகவும் புளித்துவிடும் என்று பாதி விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். அது அரிசி, உளுந்துச் செலவைக்கூட ஈடுகட்டாது. இதுவும் சட்டப்படி குற்றமா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

பத்மநாபன், தானே:
சுந்தரேசன் அவர்களே, அது குற்றமன்று. மீந்த சரக்கைத் தள்ளுவதாகும். 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின்படி, சந்தையில் ஆதிக்க நிலையில் உள்ள நிறுவனம், போட்டியைக் குறைக்கவோ போட்டியாளரை அகற்றவோ கருதி, செலவுக்குக் கீழே விற்றால்தான் அது இந்த வகையில் சேரும். நோக்கம் இல்லாத நட்டமும் உண்டு என்பதால், இளங்கோ சொல்லும் சொல் பாதியையே உணர்த்துகிறது.

'ஒழிப்புவிலை'யிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஒழிக்க நினைத்து விலையைக் குறைத்தவரே சிக்கிக்கொள்வதும் நடப்பதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மானிய உற்பத்தியாளர்களின் கூட்டணி ஒன்று புரோமினை ஒரு பவுண்டு 49 சென்ட் என்று உலகச் சந்தையில் நிலைநிறுத்தி வைத்திருந்தது. மிச்சிகனில் உப்புநீரிலிருந்து மின்பகுப்பு முறையில் மலிவாகப் புரோமின் எடுத்த ஹெர்பர்ட் டௌ, 1904 வாக்கில் அதை 36 சென்டுக்கு இங்கிலாந்தில் விற்கத் தொடங்கினார். அவரை அடக்குவதற்காகக் கூட்டணி, அமெரிக்காவில் 15 சென்டுக்குச் சரக்கைக் கொட்டியது. டௌ அந்த விலையோடு மல்லுக்கு நிற்கவில்லை. அமெரிக்காவில் தம் விற்பனையை நிறுத்திவிட்டு, முகவர் மூலம் அந்த 15 சென்ட் சரக்கையே மறைவாக வாங்கி, வேறு பொதியில் அடைத்து ஐரோப்பாவில், ஜெர்மனியிலும்கூட, 27 சென்டுக்கு விற்றார். போக்குவரத்துச் செலவைக் கழிப்பதற்கு முன், ஒவ்வொரு பவுண்டிலும் 12 சென்ட் இடைவெளி அவர் பக்கம் சேர்ந்தது. கூட்டணியோ தன் சொந்தச் சரக்கோடு தன் ஊரிலேயே போட்டியிட நேர்ந்தது. அமெரிக்காவில் ஏன் இவ்வளவு தேவை என்று விளங்காமல், அவர்கள் விலையை மேலும் இறக்கியபோது அவருடைய கொள்முதல்தான் இன்னும் மலிவாகியது.

எதிரி ஒழியவில்லை, விலை மட்டும் இறங்கியது. ஆகவே விளைவைச் சொல்லாமல் முயற்சியைச் சொல்லும் 'வேட்டைவிலை' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வேட்டைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்புவதும் உண்டு.

இளங்கோ, முலுண்டு:
நன்றி ஐயா, என் சொல்லை விலக்கிக்கொள்கிறேன். அப்படியானால் இந்த உத்தி எப்போதும் தோற்றுவிடுமா?

பத்மநாபன், தானே:
இல்லை. புரோமினைச் சேமித்து வைக்கலாம், மறுவிற்பனை செய்யலாம். டௌவிடம் அதை வாங்கும் பணமும் இருந்தது. சேவைகளில் அந்த வழி அடைபட்டுவிடும். இங்கே மும்பையில், தேசியப் பங்குச் சந்தை 2008இல் நாணய வாயிதா வணிகத்தைத் தொடங்கி, பரிவர்த்தனைக் கட்டணத்தையே தள்ளுபடி செய்தது. பின்னர் வந்த எம்சிஎக்ஸ்-எஸ்எக்ஸ் சந்தை, கட்டணமில்லாத அந்தச் சேவையை வாங்கி வேறிடத்தில் விற்க முடியுமா? அது போட்டி ஆணையத்தில் முறையிட்டது. 2011இல் தேசியப் பங்குச் சந்தைக்கு 55.5 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. எனினும் பெரும்பான்மை உறுப்பினர்கள் அந்தப் பூச்சிய விலையை 'நியாயமற்ற விலை' என்ற வகையில் வைத்தே தீர்ப்பளித்தார்கள். கணினி வழியாக நடக்கும் வணிகத்தில் ஒரு பரிவர்த்தனை கூடினால் ஆகும் செலவு மிகச் சிறியது. ஆகவே எதற்குக் கீழே விற்றார்கள் என்பதை நிறுவுவதே கடினமாகிவிடுகிறது. 'நியாயமற்ற விலை'க்கும் நம் பட்டியலில் தனி இடம் வேண்டும்.

கோமதி, செம்பூர்:
புரோமின் எடுத்துக்காட்டுக்குப் பிறகு 'ஒழிப்புவிலை'யை என்னால் வற்புறுத்த முடியவில்லை. ஆனால் பண்டிகைக் காலத்தில் 'தள்ளுபடி வேட்டை' என்று விளம்பரம் பார்க்கும் மாணவர், 'வேட்டைவிலை'யை வாங்குபவருக்குக் கிடைத்த வாய்ப்பு என்றே படிப்பாரோ என அஞ்சுகிறேன். 'போட்டியொழிப்பு நோக்கு விலை' என்பது தெளிவானது, ஆயினும் நீளமானது. 'நியாயமற்ற விலை'யைத் தனியே சேர்த்துவிட்டேன். மற்றது குறித்து, சட்டத் தமிழில் பழகியவர்கள் கருத்துச் சொல்லும்வரை பட்டியலில் இரண்டையும் கேள்விக்குறியோடு வைத்திருக்கிறேன்.

சுந்தரேசன், மாட்டுங்கா:
'வேட்டைவிலை'க்கே என் ஆதரவு. எங்கள் தெருவில் புதிதாகத் திறந்த பெரிய கடை ஒன்று மாவை எங்கள் விலையில் பாதிக்குக் கொடுக்கிறது. மாவைச் சில நாட்களுக்கு மேல் வைக்க முடியாது என்பதால், டௌ செய்ததை நாங்கள் செய்ய இயலுமா என்று பத்மநாபன் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.