கான்கிரீட் கியூப் ஒரு பக்கம் மட்டும் உடைந்தால் குறை கலவையிலா, சோதனை மெஷினிலா?

தக்கலை சைட்காரன்: எம்25, 28 நாள், 150 மிமீ கியூப் மூன்று. 690, 670, 520 கிலோநியூட்டனில் உடைந்தன. பாரம் ஏற்றத் தொடங்கி உடைய எதுவும் 45 செகண்டைத் தாண்டவில்லை. 520 வந்தது ஒரு பக்கம் மட்டும் பெயர்ந்து விழுந்தது. கலவையா, மெஷினா?

மார்த்தாண்டம் கான்ட்ராக்டர்: மெஷின் வால்வை அவ்வளவு வேகமாகத் திறந்துவிட்டால் எண் குறையத்தானே செய்யும். லேப்பில் பையன்கள் சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில் அடிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

பழைய லேப்காரன்: அண்ணே, அவசரம் சரி, ஆனால் கணக்கு தலைகீழ். வேகமாக ஏற்றினால் விரிசல் பரவ நேரமிருக்காது, அதனால் எண் கூடத்தான் செய்யும். ஐஎஸ் 516 சொல்வது நிமிஷத்துக்கு சதுர மில்லிமீட்டருக்கு 14 நியூட்டன், இந்த கியூபுக்கு அது செகண்டுக்கு சுமார் 5.25 கிலோநியூட்டன். 690-ஐ எட்ட இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். 45 செகண்டில் உடைந்தால் வேகம் ஏறக்குறைய மூன்று மடங்கு, அப்போது அந்த 690-ஐயும் 670-ஐயும் கூட நான் நம்ப மாட்டேன்.

520 வேறு கதை. நான்கு பக்கமும் உதிர்ந்து நடுவில் இடுப்பு சிறுத்த மாதிரி நின்றால் பாரம் நேராக விழுந்தது என்று அர்த்தம், ஒரு பக்கம் மட்டும் போனால் சாய்வாக விழுந்திருக்கிறது. பாரம் இல்லாதபோது மேல் பிளேட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள், அதன் பந்து சீட் லேசாகத் திரும்ப வேண்டும். பிளேட் மேல் பழைய கியூபின் துணுக்கு ஒட்டியிருந்தாலும் இதே கதிதான். துடைத்துவிட்டு ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பாருங்கள், நடுவில் வெளிச்சம் தெரிந்தால் தேய்ந்திருக்கிறது.

பாலிடெக்னிக் 3ம் வருஷம்: எங்கள் லேப்பில் 100 மிமீ கியூபுக்கும் அதே 5.25 தான் வைக்கிறோமே, தப்பா?

பழைய லேப்காரன்: தப்பு. பரப்பு பாதிக்கும் குறைவு, 2.33 போதும்.

மார்த்தாண்டம் கான்ட்ராக்டர்: சீட் இறுகினால் கிரீஸை அப்பினால் தீர்ந்தது. எங்கள் ஊரில் அதுதான் செய்கிறார்கள்.

பழைய லேப்காரன்: அதுதான் ஆபத்து. தொடும்போது திரும்ப வேண்டும், பாரம் ஏறியதும் அப்படியே பிடித்து நிற்க வேண்டும். கெட்டி கிரீஸ் பாரத்திலும் வழுக்கும். மெல்லிய எண்ணெய் போதும்.

மார்த்தாண்டம் கான்ட்ராக்டர்: இருபது வருஷமாக ஒன்றும் ஆகவில்லை, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தக்கலை சைட்காரன்: போய்ப் பார்த்தேன். மேல் பிளேட் அசையவே இல்லை, துரு. பக்கவாட்டில் இருக்க வேண்டிய, கியூபின் கரணையால் தேய்த்த முகத்தையும் மேலே வைத்துத்தான் உடைத்தார்களாம். சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன் கணக்கில் சராசரி 27.9, மூன்றாவது 23.1, அதாவது 17 சதவீதம் கீழே, 15-க்குள் இருக்க வேண்டியது. உடைந்த கியூபைத் திரும்ப உடைக்க முடியாதே, கட்டிய கான்கிரீட்டைத் துளைத்து கோர் எடுக்கச் சொன்னால் செலவு யார் தலையில்?

மார்த்தாண்டம் கான்ட்ராக்டர்: என் தலையில் இல்லை.