இரவில் போடும் மாத்திரை, காலையில் அடைக்கும் மூக்கு

அரைத்தூக்கம்:
தினமும் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல், கண்ணில் தண்ணீர், மூக்கடைப்பு. ஒன்பது மணிக்குத் தானாக அடங்கிவிடும். தூசி ஒவ்வாமை என்று லீவோசெட்ரிசின் 5 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள். இரவு பதினொரு மணிக்குப் போடுகிறேன். தும்மல் பாதி குறைந்தது, மூக்கடைப்பு அப்படியே இருக்கிறது. மதியம் வரை கண் சொக்குகிறது. நாள் முழுக்க வண்டி ஓட்டும் வேலை. மாத்திரையை நிறுத்தவா, மாற்றவா?

வெயில்காய்ச்சி:
மாத்திரையே வேண்டாங்க. மெத்தையையும் தலையணையையும் வாரம் ஒரு தடவை உச்சி வெயில்ல போட்டு நல்லா தட்டி எடுங்க. அதுல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி செத்துரும். பூச்சி செத்தா தும்மல் எங்கிருந்து வரும்? அப்பவும் மூக்கு அடைச்சா சொட்டு மருந்து விடுங்க, ரெண்டு நிமிஷத்துல திறந்துரும்.

மருந்துப்பெட்டி:
வெயிலில் பூச்சி சாகும் என்பது சரி, மெத்தையின் உள்ளே சூடு எவ்வளவு போகிறது என்பதைப் பொறுத்து. ஆனால் மூக்கு சண்டை போடுவது பூச்சியோடு இல்லை, அதன் எச்சத்தில் இருக்கும் புரதத்தோடு. பூச்சி செத்தாலும் எச்சம் அங்கேயேதான் கிடக்கும். தட்டினால் அது தூளாகி மேலே கிளம்பும். தட்டுகிறவருக்கே ஒவ்வாமை என்றால் அன்றைக்குத் தும்மல் கூடத்தான் செய்யும்.

தண்ணீர்தான் அதைக் கரைத்துக்கொண்டு போகும். விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சியும் போகும், எச்சமும் போகும். வெந்நீருக்கு வழியில்லை என்றால் பச்சைத் தண்ணீரில் சோப்புத்தூள் போட்டுத் துவைத்தாலும் எச்சத்தில் பெரும்பகுதி போய்விடும், பூச்சிதான் பிழைத்துக்கொள்ளும். துவைத்ததை வெயிலில் காயப்போடுங்கள். வெயிலின் இடம் அங்கேதான்.

சொட்டு மருந்து விஷயத்தில் கவனம். ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் வகையை மூன்று, மிஞ்சினால் ஐந்து நாளுக்கு மேல் விடக்கூடாது. மீறினால் மருந்து இறங்கியதும் மூக்கு முன்பைவிட மோசமாக அடைக்கும், அதற்காக மறுபடி விடவேண்டி வரும். தினமும் காலையில் அடைக்கும் மூக்குக்கு அது வைத்தியமே இல்லை.

தெருவோரம்:
வீடு ரோட்டோரமா இருக்கா? அப்ப ஜன்னலைச் சாத்தி வெச்சுட்டு காற்று சுத்திகரிக்கிற மெஷின் ஒண்ணு வாங்கிப் போடுங்க. பாதிப் பிரச்சினை அதோட முடியும்.

மருந்துப்பெட்டி:
ரோட்டுத் தூசி என்றால் நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவருக்குப் பகலில்தானே அதிகமாக இருக்க வேண்டும்? இவருக்குப் படுக்கையில் தொடங்கி ஒன்பது மணிக்கு அடங்குகிறது. பூச்சி எச்சம் கனமானது, கிளம்பினாலும் அரைமணி நேரத்துக்குள் படிந்துவிடும். அது மெஷின் வரைக்கும் போவதில்லை. தலையணையில் புரண்டு படுக்கும்போது நேரே மூக்குக்குள் போகிறது. ஜன்னலைச் சாத்தினால் அறையில் ஈரம் தேங்கும், பூச்சிக்கு வேண்டியதே அந்த ஈரம்தான்.

ஏழுமணி:
தூக்கத்துக்கு வழி ரொம்பச் சுலபம். பதினொரு மணிக்குப் போடுற மாத்திரையை ஏழு மணிக்குப் போடுங்க. காலைக்குள்ள இறங்கிடும். அதே மாத்திரைதான், மாத்த வேண்டிய அவசியமே இல்லை.

மருந்துப்பெட்டி:
பாதி சரி. இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆகும். பதினொரு மணிக்குப் போட்டால் காலை ஏழு மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது. மாலை ஏழு மணிக்கே போட்டால் சொக்கல் கொஞ்சம் குறையும், ஆனால் முழுக்கப் போகாது. இன்னொரு சிக்கல், தூக்கம் வருவதாகத் தோன்றாதவருக்கும் கைகால் வேகம் மந்தமாக இருக்கலாம். வண்டி ஓட்டுகிறவர் ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லையே’ என்பதை வைத்து முடிவெடுக்கக்கூடாது.

அதனால் நேரத்தோடு மாத்திரையையும் மாற்றுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஃபெக்சோஃபெனடின் மூளைக்குள் போவது மிகக் குறைவு, இவர் வேலைக்கு முதலில் கேட்க வேண்டியது அதுதான். ஆனால் அதைப் பழச்சாறோடு விழுங்கினால் பாதி உள்ளேயே சேராது. தண்ணீரோடுதான் போட வேண்டும். அதற்குப் பதில் பிலாஸ்டின் என்ற மாத்திரை என்றால் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ. மாற்றியும் சொக்கல் போகவில்லை என்றால் சளிக்கு என்று கூடவே வேறு ஏதாவது போடுகிறீர்களா பாருங்கள். பல கூட்டு மாத்திரைகளில் தூக்கம் வரவைக்கும் பழைய ஒவ்வாமை மருந்தான குளோர்ஃபெனிரமின் ஒளிந்திருக்கும். அது ஒரு நாள் முழுக்க உடம்பில் உட்கார்ந்திருக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படித்தால் தெரியும்.

அம்மாவும்மகனும்:
என் பையனுக்கு மூணு வயசு, அவனும் காலைல இப்படித்தான் தும்முறான். வீட்ல பெரியவங்க போடுற லீவோசெட்ரிசினை உடைச்சு பாதி கொடுக்கலாமா அண்ணா?

மருந்துப்பெட்டி:
வேண்டாம்மா, உடைத்துக் கொடுக்காதீர்கள். குழந்தைக்கு வயதையும் எடையையும் பார்த்து அளவு எழுதுவார்கள், சிரப்பாகவே கிடைக்கும். தும்மலோடு இரவில் இருமலோ மூச்சில் விசில் சத்தமோ இருந்தால் தள்ளிப் போடாமல் காட்டிவிடுங்கள்.

அரைத்தூக்கம்:
சரி, மூக்கடைப்புக்கு என்ன செய்வது? மாத்திரை அதைத் தொடவே இல்லையே.

மருந்துப்பெட்டி:
பெரிதாகத் தொடாது. தும்மல், அரிப்பு, கண்ணீர் மூன்றும் ஒவ்வாமையின்போது உடம்பு வெளிவிடும் ஹிஸ்டமின் வேலை, அதை மாத்திரை அடக்கும். அடைப்பு மூக்கின் உள்தோல் வீங்குவதால் வருவது. அதற்கு ஸ்டீராய்டு ஸ்பிரே வேண்டும், மோமெட்டசோனோ ஃப்ளூட்டிகசோனோ. அடித்த அன்றே திறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம், அதுவும் தினமும் அடித்தால்தான்.

பலரும் அடிக்கும் விதத்தில் கோட்டை விடுகிறார்கள். தலையை அண்ணாந்து வைத்தால் மருந்து தொண்டைக்கு ஓடிவிடும், கசக்கும். லேசாகக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. அப்போது முனை தானாக வெளிப்பக்கம், அந்தப் பக்கத்துக் காதை நோக்கித் திரும்பும். நடுச்சுவரில் பட்டால்தான் ரத்தம் கசியும். பலமாக உறிஞ்ச வேண்டாம்.

வெயில்காய்ச்சி:
ஸ்டீராய்டா! ஒரு தடவை ஆரம்பிச்சா விடமுடியாது. அதுக்கு என் வெயிலே மேல்.

மருந்துப்பெட்டி:
விடமுடியாமல் பிடித்துக்கொள்வது நீங்கள் சொன்ன சொட்டு மருந்து, இது இல்லை. மோமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் இரண்டிலும் ரத்தத்தில் சேரும் அளவு மிகச் சொற்பம். பல மாதம் தொடர வேண்டி வந்தால் மருத்துவர் பார்வையில் இருப்பது நல்லது, அதை நான் மறுக்கவில்லை.

ஏழுமணி:
மெத்தைக்கு ஜிப் வெச்ச உறை போடச் சொல்றாங்களே, அதைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே?

மருந்துப்பெட்டி:
நெருக்கமாக நெய்த உறை எச்சத்தை உள்ளேயே அடைத்துவிடும். மெத்தையைத் துவைக்க முடியாதே, அதனால் நான் போடச் சொல்வேன். ஆனால் உறையை மட்டும் போட்டவர்களை வைத்துப் பார்த்த ஆய்வுகளில் தொந்தரவு பெரிதாகக் குறையவில்லை.

ஏழுமணி:
அப்ப வீண் செலவுன்னு சொல்லிடுங்களேன்.

மருந்துப்பெட்டி:
மெத்தைக்கு வேண்டுமானால் அப்படி நினைக்கலாம், தலையணைக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். ராத்திரி முழுக்க மூக்கு அதன் மேல்தான் இருக்கிறது.

அரைத்தூக்கம்:
வரும் வாரம் தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனை இருக்கிறது. அதுவரை மாத்திரையைத் தொடரலாமா?

மருந்துப்பெட்டி:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. மாத்திரை உடம்பில் இருந்தால் தோல் தடிக்காது, ஒவ்வாமையே இல்லை என்று முடிவு வந்துவிடும். வழக்கமாக ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இன்றைக்கே அங்கே ஃபோன் செய்து எத்தனை நாள் என்று கேளுங்கள். மூக்கு ஸ்பிரேயை நிறுத்த வேண்டியதில்லை.

வெயில்காய்ச்சி:
அந்த ஒரு வாரமும் தும்மிக்கிட்டே இருக்கணுமா? மெத்தையை வெயில்ல போடுங்க சார்.